ஒரு கிளிக்கின் உண்மை விலை

கூகுள் தேடல் பக்கத்தில் விளம்பரம் செய்யும் வியாபாரி, அவ்விளம்பரத்தை ஒருவர் தொட்டுத் திறக்கும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு தொகை கொடுக்கிறார். கொடுத்த மொத்தப் பணத்தைக் கிடைத்த கிளிக்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதே ஒரு கிளிக்கின் சராசரி விலை. இந்த மாதத்தைச் சென்ற மாதத்தோடு ஒப்பிடுவதற்கு இந்த எண் போதும். நாலைந்து வருஷ இடைவெளியில் ஒப்பிடும்போதோ, அதுவும் செலவு ஒரு நாட்டு நாணயத்திலும் சந்தை வேறொரு நாட்டிலுமாக இருக்கும்போதோ, அது வெவ்வேறு காரணங்களால் நேர்ந்த மாறுதல்களை ஒன்றாகக் கலந்து காட்டுகிறது.

மொராதாபாத்திலிருந்து பித்தளை விளக்குகளை அமெரிக்க வீடுகளுக்கு விற்கும் ஒரு வியாபாரியை உதாரணமாகக் கற்பித்துக்கொள்வோம். அவருடைய விளம்பரக் கணக்கு ரூபாயில் தொடங்கப்பட்டது. ஒருமுறை தொடங்கிய கணக்கின் நாணயத்தைப் பின்னால் மாற்றக் கூகுள் இடங்கொடுப்பதில்லையாதலால், வருஷங்கள் பல சென்றும் அறிக்கைகள் ரூபாயிலேயே வந்துகொண்டிருக்கின்றன. 2019இல் ஒரு கிளிக் 88 ரூபாய், 2023இல் 124 ரூபாய். 41 சதவீத ஏற்றத்தைக் கண்டு திடுக்கிட்டு, விளம்பரத்தைக் கவனிக்கும் ஊழியரை அவர் கடிந்துகொள்வது இயல்பே. அந்த ஊழியரின் பக்கத்து நியாயத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

கிளிக்கின் விலை ஏலத்தில் தீர்மானமாகிறது. அந்த ஏலத்தில் இவரோடு போட்டியிடுகிறவர்கள் பெரும்பாலும் டாலரில் விலை கேட்கும் அமெரிக்கக் கடைக்காரர்களாதலால், ரூபாயின் மதிப்புக் குறையும்போதெல்லாம் அதே இடத்தைப் பெற இவர் அதிக ரூபாய் கொடுத்தே தீரவேண்டும். ஆகவே முதற்காரியம் டாலருக்கு மாற்றுவது. 2019இல் ஒரு டாலரின் சராசரி மதிப்பு ஏறக்குறைய 70 ரூபாய் 40 காசு. 2023இல் 82 ரூபாய் 60 காசு. அப்படி வகுத்தால் கிளிக்கின் விலை 1.25 டாலரிலிருந்து 1.50 டாலருக்குப் போயிருக்கிறது. ஏற்றம் 20 சதவீதமாகச் சுருங்குகிறது. அடுத்தது, டாலரே தன் நாட்டில் இழந்த மதிப்பு. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் மாதந்தோறும் வெளியிடும் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் வருஷச் சராசரி 2019இல் 255.7, 2023இல் 304.7. பின்னதை முன்னதால் வகுத்து வரும் 1.19ஐக் கொண்டு பழைய 1.25 டாலரைப் பெருக்கினால், 2023ஆம் வருஷத்து நாணயத்தில் அது 1.49 டாலர். உண்மையான ஏற்றம் ஒரே ஒரு சென்ட். ஊழியர்மீது குற்றம் சொல்வதற்கில்லை.

இங்கே அவசரக்காரர்கள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. 41 சதவீதத்திலிருந்து நாணயச் சரிவுக்கு 17, பணவீக்கத்துக்கு 19 என்று கழித்து, மீதி 5 சதவீதம் விலையேற்றம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இவை ஒன்றின்மேல் ஒன்றாகப் பெருகிய மாறுதல்கள். வகுத்துத்தான் பிரிக்கவேண்டும், கழித்துப் பிரிக்க முடியாது. மற்றொரு பிசகு, டாலருக்கு மாற்றிய தொகையை இந்திய விலைவாசிக் குறியீட்டால் திருத்துவது. எந்த நாணயத்தில் தொகை நிற்கிறதோ அந்த நாணயத்தின் குறியீடே அதற்குப் பொருந்தும். விளம்பரச் செலவு தம் ரூபாய்ச் சேமிப்பை எவ்வளவு அரித்தது என்று அவ்வியாபாரி அறிய விரும்பினால், ரூபாயை ரூபாயாகவே வைத்து இந்தியக் குறியீட்டால் திருத்தலாம். அது வேறு கேள்வி, அதற்கு விடையும் வேறு.

வருஷச் சராசரி வீதத்தை நம்புவதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். 2022 ஜனவரியில் 74 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டாலர் அவ்வருஷக் கடைசியில் 82ஐத் தாண்டியது. விளக்கு வியாபாரமோ கிறிஸ்துமஸை ஒட்டி நவம்பர், டிசம்பரில்தான் சூடுபிடிக்கும். செலவின் பெரும்பகுதி அங்கே குவிந்திருக்க, முழுவருஷத்துச் சராசரியான 78 ரூபாய்ச் சொச்சத்தால் வகுத்தால் டாலர்த் தொகை கிட்டத்தட்ட 5 சதவீதம் மிகையாகத் தோன்றும். ஒவ்வொரு மாதச் செலவையும் அம்மாத வீதத்தில் மாற்றிக் கூட்டி, பிறகு மொத்தக் கிளிக்குகளால் வகுப்பதே முறை. மாதச் சராசரிகளின் சராசரியை எடுப்பது முறையன்று.

இத்தனை திருத்தமும் செய்த பிறகு மிஞ்சுவது, போட்டி, விளம்பரத்தின் தரம், தேர்ந்த சொற்கள் ஆகியவற்றால் நேர்ந்த மாறுதல். நுகர்வோர் குறியீடு அரிசி, வாடகை, பெட்ரோல் போன்றவற்றின் விலையை அளப்பதேயன்றி ஏலத்தின் சூட்டை அளப்பதன்று. ஆகையால் அது மிச்சத்தைக் காட்டுமேயொழிய மிச்சத்தின் காரணத்தைச் சொல்லாது. இவ்வளவு சிரமம் வேண்டாம் என்பவர்கள், அந்தந்த மாத விளம்பரச் செலவு அதனால் கிடைத்த விற்பனையில் எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்த்து வரலாம். இரண்டும் ஒரே மாதத்து, ஒரே நாணயத்துத் தொகைகளாக இருக்குமானால் அந்தச் சதவீதத்துக்கு எந்தத் திருத்தமும் தேவையில்லை.