3.3-ஐ 3 ஆக்கும் இன்னொரு ரெசிஸ்டர்

சர்க்யூட் போர்டில் 3.3 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று ஏற்கெனவே சால்டர் செய்யப்பட்டிருக்கிறது. அந்த இடத்தில் வேண்டியதோ சரியாக 3 கிலோ ஓம். சின்னக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் மதிப்புகளில் 2.7-க்கு அடுத்தது 3.3தான். இருப்பதைக் கழற்றலாம், ஆனால் பழைய போர்டில் சூடு வைத்தால் செம்புத்தடம் உரிந்துவிடும் என்ற பயம் உண்டு. அனுபவமுள்ள மெக்கானிக் அதைத் தொடுவதில்லை. போர்டின் பின்பக்கம், அதே இரண்டு கால்களின் மேல் இன்னொரு ரெசிஸ்டரைப் பற்றவைத்துவிடுவார். எதைப் பற்றவைப்பது என்பதுதான் கணக்கு.

ஒரே இரு முனைகளுக்கு நடுவே இருப்பதால் இரண்டு ரெசிஸ்டர்களுக்கும் மின்னழுத்தம் ஒன்றே. மின்னோட்டம் மட்டும் இரண்டாகப் பிரிந்து ஓடுகிறது. ஓமின் விதிப்படி ஒவ்வொன்றிலும் ஓடுவது V-ஐ அதன் தடையால் வகுத்தது. இரண்டையும் கூட்டி, பொதுவான V-ஐ நீக்கினால் 1/R = 1/a + 1/x. வலப்பக்கத்தை ஒரே பின்னமாக்கித் திருப்பிப் போட்டால்,

R = ax / (a + x)

இதில் a நம் கையில் இருக்கும் 3.3, R நமக்கு வேண்டிய 3, x தெரியாதது. பள்ளிக் கணக்கில் விகிதமுறு கோவை என்று படித்தது இதுதான். பலர் திணறும் இடமும் இதுதான். X தொகுதியிலும் இருக்கிறது, பகுதியிலும் இருக்கிறது. முதலில் பகுதியால் இருபுறமும் பெருக்க வேண்டும். தடைகள் இரண்டும் நேர் எண்கள், அவற்றின் கூட்டல் பூஜ்யமாகாது, ஆகவே தயக்கமில்லாமல் பெருக்கலாம். Ra + Rx = ax என்று வரும். x உள்ளவற்றை ஒரு பக்கம் சேர்த்தால் Ra = x(a − R). அதாவது,

x = Ra / (a − R)

எண்களைப் போடுவோம்: 3 × 3.3 = 9.9, கீழே 0.3, விடை 33 கிலோ ஓம். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது. நிறப்பட்டைகள் ஆரஞ்சு, ஆரஞ்சு, ஆரஞ்சு. 5 சதவீத வகையானால் நான்காவதாகத் தங்க நிறம்.

சூத்திரத்தை நம்பாதவர்கள் மின்னோட்டத்தை வைத்துச் சரிபார்க்கலாம். 9.9 வோல்ட் கொடுத்தால் 3.3 கிலோ ஓமில் 3 மில்லி ஆம்பியர் ஓடும். 3 கிலோ ஓமாக இருந்தால் 3.3 ஓட வேண்டும். குறையும் 0.3 மில்லி ஆம்பியரை இழுக்க அதே 9.9 வோல்ட்டுக்கு 33 கிலோ ஓம் தேவை.

இதிலே அடிக்கடி நடக்கும் பிழை, 1/3-இலிருந்து 1/3.3-ஐக் கழித்து 0.03 என்று பெற்றதும் அதையே விடையாக எழுதிவிடுவது. திருப்பிப் போட மறந்துவிடுவார்கள். கண்டுபிடிப்பது சுலபம். பக்க இணைப்பின் மொத்தத் தடை, இரண்டில் சிறியதைவிடவும் குறைவாகத்தான் இருக்கும். ஆகவே x, 3-ஐவிடப் பெரிதாக வந்தே தீர வேண்டும். அதே காரணத்தால், 3.3-ஐ வைத்து 3.5 செய்ய முயன்றால் பகுதி எதிர்மறையாகி, x-உம் எதிர்மறையாகும். அப்படி ஒரு ரெசிஸ்டர் கிடையாது. தொடராகத்தான் சேர்க்க வேண்டும்.

இனிதான் சுவாரசியம். 3.3 என்று பட்டை சொன்னாலும், 5 சதவீத வகை 3.135-ஆகவும் இருக்கலாம், 3.465-ஆகவும் இருக்கலாம். முதலாவதற்கு x கிட்டத்தட்ட 70 கிலோ ஓம். இரண்டாவதற்கு 22 சொச்சம். a கொஞ்சம் அசைந்ததற்கே x மூன்று மடங்கு ஆடுகிறது. காரணம் அந்த a − R. நெருக்கமான இரு எண்களின் வித்தியாசம் மிகச் சிறியது; அதில் விழும் சின்னப் பிழையும் வகுக்கும்போது ஊதிப் பெருத்துவிடும்.

மறுபக்கம் பார்த்தால் நிலைமை நேர்மாறு. 33-க்குப் பதில் 10 சதவீதம் அதிகமாக 36.3 போட்டாலும் மொத்தம் 3.025தான், ஒரு சதவீதம்கூடப் பிசகவில்லை. எனவே காசு கொடுத்துத் துல்லியமான x வாங்குவது, என் கணக்கில், வீண் செலவு. கவனமாக அளக்க வேண்டியது ஏற்கெனவே போர்டில் இருக்கும் a-ஐ.

அது 3.24 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். x = 9.72 / 0.24 = 40.5. கடையில் அதற்கு அருகில் இருப்பது 39. அதைப் போட்டால் மொத்தம் 2.99. அளக்காமல் 33 போட்டிருந்தால் 2.95 ஆகியிருக்கும்.

அளக்கும்போது மின்சாரத்தை நிறுத்தியாக வேண்டும். கூடவே ஒரு சிக்கல்: போர்டில் உள்ள மற்ற பாகங்களும் அந்த ரெசிஸ்டருக்குப் பக்க இணைப்பாக நிற்கலாம். அப்போது மல்டிமீட்டர் காட்டுவது a அல்ல, இன்னொரு ax / (a + x). பட்டை சொல்லும் மதிப்பைவிட அளவு மிகவும் குறைந்திருந்தால் அதைச் சந்தேகிக்கலாம். ஒரு காலை மட்டும் போர்டிலிருந்து தூக்கிவிட்டு அளந்தால் தெரிந்துவிடும். முழுவதையும் கழற்றுவதைவிடத் தடத்துக்கு அது பாதிச் சூடுதான்.