புதன்கிழமை காலை, மாடவீதி வழியாக

சென்னை மயிலாப்பூரில் முப்பது வருடத்துக்கும் மேலாக வாழ்ந்துவரும், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 74. அல்சைமர் நோயின் ஆரம்பக்கட்டம் என்று மருத்துவர் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. அம்மா வீட்டிலேயே அடைந்துகிடக்கிறாரே என்ற கவலையில் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவரைப் பெரிய மால் ஒன்றுக்குக் கூட்டிப்போகிறார். கூடவே பேரப்பிள்ளைகள் இரண்டு பேர். பத்தே நிமிடத்தில் அம்மாவின் முகம் மாறிவிடுகிறது. பளபளக்கும் தரையில் கால் வைக்கத் தயங்குகிறார். எஸ்கலேட்டர் முன்னால் அப்படியே நின்றுவிடுகிறார். “வீட்டுக்குப் போலாம்” என்று ஆரம்பித்தவர், வீடு வந்து சேர்ந்த பிறகும் அதையே சொல்கிறார்.

மகளின் அன்பில் குறையில்லை. இடமும் நேரமும்தான் பொருந்தவில்லை.

இந்த நோயில் முதலில் அடிபடும் பகுதிகளில் ஒன்று, புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ். அதனால் புது இடத்தின் வழி, வாசல், கழிப்பறை இருக்கும் பக்கம் எதுவும் மனதில் தங்குவதில்லை. ஒவ்வொரு நிமிடமும் புதிதாகத் தேட வேண்டியிருக்கிறது. கண் நன்றாக இருந்தாலும், பார்த்ததை மூளை புரிந்துகொள்வதில் தடுமாற்றம் வரலாம். பளபளப்பான தரை ஈரமாகத் தெரியும், கறுப்பு மிதியடி பள்ளமாகத் தெரியும். போதாததற்கு அது மாலை நேரம். பொழுது சாயும்போது குழப்பமும் பதற்றமும் கூடுவது பலரிடம் காணப்படுகிறது.

ஆனால் வருடக்கணக்காகச் செய்து ஊறிப்போன பழக்கங்கள் மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்தவை. அவை வெகுநாள் நிலைக்கின்றன. நேற்று என்ன சாப்பிட்டோம் என்பது மறந்தவருக்குக் கோயிலில் எந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட வேண்டும் என்பது மறப்பதில்லை. வெளியே கூட்டிப்போகும் திட்டத்தை அந்தப் பழக்கத்தின் மேல்தான் கட்ட வேண்டும்.

அந்த அம்மாவுக்கு நாற்பது வயதிலிருந்தே கபாலீஸ்வரர் கோயில், தெற்கு மாடவீதியில் காய்கறி, பிறகு வீடு என்ற வரிசை இருந்தது. அதையே மகள் திரும்பக் கொண்டுவருகிறார். வெள்ளிக்கிழமையும் பிரதோஷமும் கூட்ட நாட்கள் என்பதால் அவற்றை விட்டுவிட்டுப் புதன்கிழமை காலையைத் தேர்ந்தெடுக்கிறார். ஏழரைக்குக் கிளம்பி ஒன்பதரைக்குள் வீடு. வாரா வாரம் அதே நாள், அதே வழி, முடிந்தால் அதே ஆட்டோக்காரர். வெயில் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிடுவதால் வெறுங்காலில் சுடாத கல்தரையில் நடக்கலாம்.

இரண்டு நாள் முன்பே சொன்னால், “எப்போ போறோம்?” என்ற கேள்வி நாற்பது முறை வரும், அம்மாவுக்கும் தவிப்பு. அதனால் அன்று காலை காபி கொடுக்கும்போதுதான் மகள் சொல்கிறார்: “அம்மா, இன்னிக்குக் கோயிலுக்குப் போறோம்.” சின்னத் தாளில் பெரிய எழுத்தில் மூன்று வரி எழுதியும் கொடுக்கிறார்: கோயில், காய்கறி, ஒன்பதரைக்கு வீடு. வழியில் சந்தேகம் வரும்போதெல்லாம் அம்மா அந்தத் தாளைப் பிரித்துப் பார்த்துக்கொள்கிறார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கோயிலுக்குப் போய்வந்த பிறகே சாப்பிடுவது அம்மாவின் வழக்கம். ஆனால் அவருக்குச் சர்க்கரை நோயும் இருக்கிறது. மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு நடந்தால் சர்க்கரை இறங்கும். அந்த நடுக்கமும் திகைப்பும் மறதி முற்றிவிட்டது போலவே வெளியே தெரியும். மருத்துவரைக் கேட்டு மகள் ஒரு ஏற்பாடு செய்கிறார்: ஏழு மணிக்கு இரண்டு இட்லி, அதன் பிறகு கிளம்புவது. “டாக்டர் சாப்பிட்டுட்டுப் போகச் சொன்னார்மா” என்றால் அம்மா ஒப்புக்கொள்கிறார். பையில் பிஸ்கட்டும் தண்ணீரும் எப்போதும் இருக்கும்.

கிளம்பும் முன் கழிப்பறைக்குப் போய்வந்ததும் வாசலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறார். ஒருவேளை கூட்டத்தில் கைவிட்டுப் போனால் என்ன நிறப் புடவை என்று தடுமாறாமல் காட்டலாம். அம்மாவின் பர்ஸில் மகளின் போன் எண் எழுதிய அட்டையும் பத்து, இருபது ரூபாய்த் தாள்களும் இருக்கும். உண்மையிலேயே காணவில்லை என்றால் நேரம் கடத்தாமல் 112-ஐ அழைக்க வேண்டும். முதியோர் பராமரிப்பு தொடர்பான வழிகாட்டலுக்கு 14567 என்ற எண் இருக்கிறது.

கோயிலில் மகள் ஒரு அடி பின்னால்தான் நடக்கிறார். செருப்பை ஆட்டோவிலேயே விட்டுவிட்டதால் டோக்கன் தேடும் வேலை இல்லை. கிழக்குக் கோபுர வாசலில் நர்த்தன விநாயகரைப் பார்த்ததும் அம்மாவின் கை தானாகக் குட்டிக்கொள்கிறது. கற்பகாம்பாள் சந்நிதி முடிந்து புன்னை மரத்தடிக்கு வரும்போது ஒரு திண்ணையில் பத்து நிமிடம் உட்காருகிறார்கள். “போன வாரம் வந்தோமே, ஞாபகம் இருக்கா?” என்று மகள் கேட்பதில்லை. அந்தக் கேள்வி அம்மாவைத் தேர்வு எழுத உட்காரவைக்கும். அதற்குப் பதில், “இங்க காத்து நல்லா வருது இல்ல?” என்கிறார்.

ஒரு முறை பழைய அண்டைவீட்டு மாமி எதிரே வந்து, “நான் யார் சொல்லுங்க பார்ப்போம்!” என்று சிரித்தார். அம்மாவின் உதடு துடித்தது. மகள் உடனே, “அம்மா, நம்ம மாடி வீட்டு மாமி வந்திருக்காங்க” என்றார். பெயரும் உறவும் காதில் விழுந்ததும் அம்மா மாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு தெரிந்தவர்களைக் கண்டால் மகளே முந்திக்கொள்கிறார்.

காய்கறிக் கடையில் வேலை அம்மாவுடையது. “என்ன வாங்கலாம்?” என்று கேட்டால் திகைத்து நிற்பார், “வெண்டைக்காயா, அவரைக்காயா?” என்றால் பதில் வந்துவிடும். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து, முற்றியதை ஒதுக்கி, பிஞ்சாகப் பொறுக்குகிறார். அதில் ஒரு தவறும் வருவதில்லை. காசை எண்ணிக் கொடுக்க நேரமானால் மகள் அவசரப்படுத்துவதில்லை. கடைக்காரரிடம் முன்பே விஷயத்தைச் சொல்லிவைத்திருக்கிறார்.

களைப்பை அம்மா வாயால் சொல்ல மாட்டார். முந்தானையை முறுக்குவார், நடையைத் திடீரென வேகமாக்குவார், கேட்டதையே கேட்பார். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காய்கறியை விட்டுவிட்டு வீடு திரும்பிவிடுவார்கள். உற்சவ நாட்களில் மாடவீதியில் கால் வைக்க இடமிருக்காது. அந்த வாரங்களில் லஸ் பக்கம் உள்ள நாகேஸ்வரராவ் பூங்காவில் மர நிழலில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். முந்தைய நாளிலிருந்து குழப்பம் சட்டென்று கூடியிருந்தால் பயணமே கிடையாது. சிறுநீர்த் தொற்று, நீர் வற்றுதல் போன்றவை அப்படிச் செய்யும். அன்று மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

எப்படியும் மறந்துவிடப் போகிறவரை எதற்கு அழைத்துப்போக வேண்டும் என்று உறவினர் ஒருவர் கேட்டார். 2014-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான, மகிழ்ச்சியான படக்காட்சிகளைக் காட்டினார்கள். சில நிமிடங்களில் காட்சிகள் பெரும்பாலும் மறந்துபோயின. அவை எழுப்பிய உணர்வு மட்டும் அதன் பிறகும் நீடித்தது.

புதன்கிழமை மதியம் அந்த வீட்டில் அம்மா காலையில் எங்கே போனார் என்று கேட்டால் பதில் வராது. ஆனால் அன்று அவர் “வீட்டுக்குப் போலாம்” என்று கேட்பதில்லை. கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, முறத்தில் பரப்பிய வெண்டைக்காயை ஒரே அளவாக நறுக்கிக்கொண்டிருக்கிறார்.