நாலாவது மூலை ஏன் திறக்கிறது?

படச்சட்டத்தின் மூன்று மூலைகள் கச்சிதமாகச் சேர்ந்திருக்கும். நாலாவது மட்டும் வாய் பிளந்து நிற்கும். கோளாறு அந்த மூலையில் இல்லை. ஒவ்வொரு வெட்டும் 45 டிகிரிக்குப் பதில் 44.5 ஆகிப்போனால், எட்டு வெட்டுகளின் பிழையும் சேர்ந்து கடைசி மூலையில் 4 டிகிரி இடைவெளியாகிவிடும்.

அதனால் முதலில் இரண்டு கழிவுத் துண்டுகளை வெட்டிச் சேர்த்து, மூலைமட்டம் வைத்துப் பார்ப்பது நல்லது. எதிரெதிர்ச் சட்டங்களின் நீளமும் துல்லியமாக ஒத்திருக்க வேண்டும்.

சாய்வாக வெட்டிய முகம் பசையை வேகமாக உறிஞ்சும். மெல்லிதாக ஒருமுறை பூசி, சில நிமிடம் கழித்து மறுபடி பூசினால்தான் பிடிப்பு கிடைக்கும்.

பிறகு மூலைகளில் சிறு கட்டைகள் வைத்து, சுற்றிலும் கயிறு கட்டி, குச்சி செருகி முறுக்கினால் நான்கும் ஒன்றாக இறுகும். உடனே மூலைவிட்டங்களை அளக்க வேண்டும். ஒன்று நீண்டிருந்தால், பசை ஈரமாக இருக்கும்போதே அதன் இரு முனைகளையும் உள்நோக்கி அழுத்திச் சரிசெய்யலாம்.