துருவும் பழுப்பும் சொல்லும் வயது

பழைய காமிக்ஸோ சினிமா இதழோ கையில் கிடைத்தால் நம்மில் பெரும்பாலோர் அட்டைப் படத்தில்தான் மயங்குகிறோம். பழகிய சேகரிப்பாளர் முதலில் புத்தகத்தைச் சாய்த்து முதுகைப் பார்ப்பார். அடுத்து நடுப்பக்கத்தை விரித்துப் பின் அடித்த இடத்தைப் பார்ப்பார். பிறகு பக்கங்களின் ஓரத்தில் பழுப்பு எவ்வளவு தூரம் உள்ளே ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். அட்டைக்கு வருவது அதற்கப்புறம்தான்.

முதுகு, பின், தாள் மூன்றும் ஒன்றாகவே வயதாகின்றன. 1972இல் சிவகாசியிலிருந்து ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கிய முத்து காமிக்ஸானாலும் சரி, 1966இல் சென்னையில் தொடங்கிய ‘பொம்மை’யானாலும் சரி, ஒரு பிரதி எந்த வீட்டில், எந்த ஊரில், எப்படிக் கிடந்தது என்பது இந்த மூன்றிலும் பதிந்திருக்கும். மூன்றும் ஒரே கதையைச் சொன்னால் பிரதி நேர்மையானது. ஒன்று மட்டும் வேறு கதை சொன்னால் அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

உலகச் சந்தையில் தரத்தைப் பத்துக்கு இத்தனை என்று குறிப்பார்கள். 0.5இல் தொடங்கி 10.0 வரை போகும் இந்த அளவுகோல் அமெரிக்க காமிக்ஸ்களுக்காக உருவானது. 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சிஜிசி நிறுவனம், பிரதியை ஆராய்ந்து கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைக்குள் மூடி, மேலே எண்ணை எழுதித் தருகிறது. ஒட்டுவேலையோ வண்ணப்பூச்சோ கண்டுபிடிக்கப்பட்ட பிரதிக்கு ஊதா நிற அடையாளம் விழும். விலை பெரும்பாலும் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். தாளின் நிறத்துக்கும் தனிக் குறிப்பு உண்டு: வெள்ளை, மங்கிய வெள்ளை, பாலேட்டு நிறம், பழுப்பு, நொறுங்கும் நிலை என்று அது இறங்கிக்கொண்டே போகும். நம் ஊரில் அப்படி உறையிட்டு வரும் தமிழ் இதழ்கள் அரிது. ஆனால் அந்த ஆராய்ச்சி முறையை நாம் வீட்டு மேசையிலேயே செய்துவிடலாம்.

முதுகிலிருந்து தொடங்குவோம். புத்தகத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மடிப்பில் அட்டைத் தாள் வளைகிறது. வளைந்த இடத்தில் மேல்பூச்சு மை விரிசல் விட்டு, அடியிலிருக்கும் வெள்ளைத் தாள் மெல்லிய கோடாகத் தெரியும். பின்னுக்குப் பக்கத்தில் இந்தக் கோடுகள் கூடுதலாக இருக்கும். அங்கேதான் இழுப்பு அதிகம். நிறம் உடையாமல் மடிப்பு மட்டும் விழுந்திருந்தால் மதிப்பு கொஞ்சம்தான் குறையும். நிறம் உடைந்து வெள்ளை தெரியும் கோடுகள் ஐந்தாறு வந்துவிட்டால், மற்றபடி புதிதாகத் தெரிகிற பிரதிகூட ஏழு, எட்டுக்கு மேல் ஏறாது. ஒரு கையில் பிடித்து அட்டையைப் பின்பக்கம் மடக்கிப் படித்த பிரதியில் முதுகு ஒரு பக்கமாக உருண்டிருக்கும். மேசையில் வைத்துப் பார்த்தால் முன்னட்டையின் ஓரமும் பின்னட்டையின் ஓரமும் ஒரே நேர்கோட்டில் நிற்காது.

பின்னைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் மூன்றிலும் பொய் சொல்லத் தெரியாத சாட்சி. அச்சகங்களில் சென்டர் பின் அடிக்கும் இயந்திரம், கம்பிச் சுருளிலிருந்து தேவையான நீளத்தை வெட்டி, மடித்து, தாளுக்குள் இறக்கும். அந்தக் கம்பி பொதுவாக உருண்டையாக இருக்கும். அலுவலக ஸ்டேப்ளர் பின்னோ வரிசையாக ஒட்டிய பட்டையாக வருவதால் தட்டையாக இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று இருந்தால் போதும், இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்துவிடும்.

கடற்கரை ஊர்களில் கிடந்த இதழில் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பது அபூர்வம். ஈரம் ஏறிய துரு, கம்பியோடு நிற்காமல் தாளுக்குள் கசிந்து, நடுப்பக்கத்தில் கம்பியின் வடிவத்திலேயே ஒரு செம்பழுப்புக் கறையைப் பதிக்கும். பல ஆண்டுகள் அழுத்தியதால் கம்பியின் இரு கால்களும் தாளில் பள்ளமாகப் பதிந்திருக்கும். கறை இருக்கிறது, பள்ளம் இருக்கிறது, ஆனால் கம்பி மட்டும் மினுமினுக்கிறது என்றால் பின் மாற்றப்பட்டிருக்கிறது. சிலர் இன்னொரு பழைய இதழிலிருந்து துருப்பிடித்த பின்னை எடுத்துப் போட்டிருப்பார்கள். அப்போது கம்பியின் நீளமும் கறையின் நீளமும் பொருந்தாது, அல்லது பழைய துளைக்குப் பக்கத்தில் புதிய துளை விழுந்திருக்கும். பின்னை யாராவது ஏன் கழற்ற வேண்டும்? தாளைக் கழுவ, நடுப்பக்கத்தை வேறு பிரதியிலிருந்து கொண்டுவந்து சேர்க்க, அட்டையை மாற்ற. ஆகவே மாற்றிய பின்னைக் கண்டால் அதோடு நிறுத்தக் கூடாது. அடுத்த கேள்விகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

தாளின் பழுப்புக்கு வருவோம். செய்தித்தாள் காகிதம் மரத்தை அப்படியே அரைத்துச் செய்தது. மரத்தில் உள்ள லிக்னின் என்ற பொருள் அதில் தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பாக மாறும். கூடவே தாளில் அமிலம் கூடி, நார்களை இணைக்கும் சங்கிலிகளை அறுக்கும். பழுப்பு நிறம் கண்ணுக்குத் தெரிகிற விளைவு. நொறுங்குதல் அதன் பின்னால் வரும் விளைவு. காற்று ஓரங்களிலிருந்துதான் உள்ளே நுழைகிறது என்பதால் பழுப்பும் ஓரத்தில் அடர்ந்து, நடுவை நோக்கி மெல்ல வெளிறும். சூடும் ஈரமும் இதை விரைவுபடுத்தும். அமெரிக்காவில் 1977இல் வெளிவந்த எட்கர் சர்ச் சேகரிப்பின் காமிக்ஸ்கள் தாள் வெண்மைக்காகவே பேர்பெற்றவை. கொலராடோ மாநிலத்தின் உலர்ந்த காற்றும், நெருக்கமாக அடுக்கி வைத்ததும் அதற்குக் காரணங்கள். சென்னையின் ஈரக்காற்றில் இருந்த 1960களின் இதழ் ஒன்று முழுக்க வெள்ளையாக இருந்தால் எனக்கு மகிழ்ச்சியைவிடச் சந்தேகம்தான் முதலில் வரும்.

இப்போது ஒரு பிரதியை எடுத்துக்கொள்வோம். நண்பர் ஒருவர் வாங்க நினைத்து என்னிடம் காட்டிய 1960களின் சினிமா மாத இதழ் அது. அட்டை பளபளப்பாக இருந்தது, ஓரங்கள் கத்தியால் சீவியது போல் நேராக இருந்தன, முதுகில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு. விற்பவர் எட்டு என்று சொல்லியிருந்தார்.

மேசை விளக்கை மேலிருந்து போடாமல் பக்கவாட்டில் தாழ்த்திப் போட்டேன். அப்படிப் போட்டால் மேடு பள்ளங்களுக்கு நிழல் விழும். முதுகில் ஒரு கோடு அல்ல, பத்துக்கும் மேற்பட்ட மடிப்புகள் எழுந்து நின்றன. மடிப்பு இருக்கிறது, ஆனால் நிறம் உடையவில்லை; அது எப்படி? லென்ஸில் பார்த்தபோது விடை கிடைத்தது. அச்சு வண்ணம் பெரும்பாலும் சிறு சிறு புள்ளிகளாகத்தான் விழும். அந்தக் கோடுகளின் மேல் புள்ளியே இல்லை. சிவப்பு பேனா மை ஒரே தட்டாகப் பரவியிருந்தது. அட்டையின் உள்பக்கத்தைத் திருப்பினால் அதே இடங்களில் இளஞ்சிவப்புக் கசிவு. அச்சு மை தாளின் மேலேயே காய்ந்து நிற்கும். பேனா மை விரிசல் வழியாக நாருக்குள் இறங்கிவிடும்.

அடுத்தது ஓரங்கள். உள்பக்கத்தில் பழுப்பு எங்கே அடர்த்தியாக இருக்க வேண்டுமோ அந்த ஓரத்தில் வெளிறியே இருந்தது. ஓரமிருந்து நடு நோக்கி வெளிறும் வழக்கமான ஏற்ற இறக்கம் இல்லை, ஏனென்றால் பழுத்த ஓரம் வெட்டி எறியப்பட்டிருந்தது. பின்னட்டை விளம்பரத்தின் கடைசி வரி தாளின் விளிம்பை ஏறக்குறைய தொட்டுக்கொண்டு நின்றது. அதே மாத இதழின் இன்னொரு பிரதி நண்பரிடமே இருந்தது. ஸ்கேல் வைத்துப் பார்த்தோம்: உயரத்தில் நான்கு மில்லிமீட்டர், அகலத்தில் மூன்று குறைவு. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் அச்சகத்திலேயே வரலாம். நான்கு வராது.

ஏன் வெட்டினார்கள் என்பதை முதுகுதான் சொன்னது. தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது, மடிப்பிலிருந்து அரை அங்குலத்துக்கும் குறைவான தூரத்தில் வரிசையாக நான்கு கருமையான புள்ளிகள் தெரிந்தன. அவை பைண்டரின் ஊசித் துளைகள். வாடகை நூலகங்களும் வீடுகளும் ஓராண்டு இதழ்களைச் சேர்த்து, நூலால் தைத்து, கெட்டி அட்டை போட்டு, கட்டிங் மெஷினில் மூன்று பக்கமும் சீவுவது அப்போதைய வழக்கம். அந்தத் தொகுப்பிலிருந்து இதழைப் பிரித்து, துளைகளைத் தாள்கூழ் வைத்து அடைத்து, தனி இதழாக விற்பனைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். புற ஊதா டார்ச்சை இருட்டில் அடித்துப் பார்த்தோம். சுற்றியிருந்த பழைய தாள் மங்கலாகக் கிடக்க, அடைத்த இடங்கள் நீலவெள்ளையாக ஒளிர்ந்தன. இன்றைய வெள்ளைத் தாளில் சேர்க்கும் ஒளிரும் வேதிப்பொருள் அந்தக் கூழில் இருந்தது. இந்தச் சோதனையில் ஒரு எச்சரிக்கை உண்டு: பழைய பளபளப்புத் தாள்களிலும் சில ஒளிரும். ஆகவே ஒளிர்கிறதா என்று மட்டும் பார்க்காமல், ஒரே பக்கத்துக்குள் ஓரிடம் மட்டும் வேறுபட்டு ஒளிர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எட்டு என்று சொன்ன அந்தப் பிரதிக்கு நான் எழுதிக்கொடுத்தது இப்படி: பார்வைக்கு ஆறு, சீவப்பட்டது, பைண்டிங் துளைகள் அடைக்கப்பட்டவை, முதுகில் வண்ணம் தீட்டப்பட்டது. நண்பர் அந்தச் சீட்டை விற்பவரிடம் காட்டினார். கேட்ட விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு இதழ் கைமாறியது. அந்த விலைக்கு அது நல்ல பிரதி என்றே நினைக்கிறேன். ஒரு பக்கம் கூடக் குறையவில்லை, நடுப்பக்கப் படம் அப்படியே இருந்தது.

செப்பனிடுவது குற்றமென்று நான் நினைக்கவில்லை. கிழிசலை மெல்லிய ஜப்பானியத் தாளும் மாவுப்பசையும் கொண்டு சேர்ப்பதும், அமிலத்தைக் குறைப்பதும் பல இதழ்களை நொறுங்காமல் காப்பாற்றியிருக்கின்றன. அந்தப் பசையைத் தண்ணீர் தொட்டுப் பிரித்துவிட முடியும். செலோடேப் அப்படியில்லை. அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடும். டேப் விழுந்த பிறகும் கறை போகாது. லேமினேஷன் அதைவிட மோசம், பிரிக்கவே முடியாது. நான் பார்த்து வருந்திய பழைய இதழ்களில் பாதியைக் கெடுத்தது பூச்சியோ மழையோ இல்லை. பாதுகாக்க நினைத்து ஒட்டிய டேப்தான்.

கழுவி வெளுத்த தாளைக் கண்டுபிடிப்பது கடினமான வேலை. பழுப்பு ஒரே சீராகக் குறைந்திருக்கும், தாள் சற்றே உப்பி, தடவினால் துணிபோலிருக்கும். மூக்கருகே வைத்தால் சில சமயம் குளோரின் வாடை தெரியும், பல சமயம் தெரியாது. பின்னைச் சுற்றியுள்ள துருக்கறை வெளிறி, மடிப்பின் உள்மூலையில் மட்டும் பழுப்பு மிச்சமிருந்தால் கழுவியது உறுதி. மடிப்பைச் சூடும் ஈரமும் கொடுத்து அழுத்தித் தட்டையாக்குவதையோ பெரும்பாலும் கண்டறிய முடிவதில்லை. அமெரிக்காவில்கூட அதைச் செப்பனிடுதலாகக் கணக்கிடுவதில்லை, ஆனால் அதை ஏற்காத சேகரிப்பாளர்களும் உண்டு. ஓரத்தை ஒரு மயிரிழை அளவுக்குச் சீவியிருந்தாலும் அப்படித்தான். அதே இதழின் இன்னொரு பிரதியோ, விற்பதற்கு முன் எடுத்த படமோ இல்லாமல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் தரம் எழுதும்போது நான் சீட்டின் கடைசி வரியில் எந்தெந்தச் சோதனை செய்தேன், எதைச் செய்யவில்லை என்று எழுதிவிடுகிறேன்: பக்க விளக்கு, லென்ஸ், புற ஊதா, ஸ்கேல், ஒப்பிட வேறு பிரதி கிடைக்கவில்லை.