வெள்ளிக்கிழமைக்குள் சொல்லணும்

செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு அக்கா மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம் வந்தது. "மாமா, இதை அனுப்பட்டுமா?"

சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் ஆறு வருஷ அனுபவம் உள்ளவள். அன்று சாயந்திரம்தான் சிறுசேரி கம்பெனி ஒன்றிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அவள் மனசு இருந்தது கிண்டியில் உள்ள வேறொரு கம்பெனியில். அங்கே மூன்று ரவுண்டு இன்டர்வியூ முடிந்து எட்டு நாளாகப் பேச்சு மூச்சு இல்லை. அந்தக் கம்பெனியின் எச்.ஆருக்கு எழுதியதைத்தான் எனக்கு அனுப்பியிருந்தாள். 'எனக்குப் பதினான்கு லட்சத்துக்கு இன்னொரு ஆஃபர் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் முடிவு தெரியாவிட்டால் அங்கே சேர்ந்துவிடுவேன்.'

எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் அனுப்பாதே என்றேன். ஆள் எடுக்கும் வேலையில் பல வருஷம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்ததும் என்ன ஆகும் என்று தெரியும்.

இன்டர்வியூவுக்கு வருகிறவர்கள் பலர், முடிவு எடுப்பது எச்.ஆர் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. ஆளைத் தேர்ந்தெடுப்பவர் அந்த டீமின் மேனேஜர். சம்பளத்துக்கு ஒப்புதல் தர வேண்டியவர் அவருக்கும் மேலே ஒருவர். எச்.ஆர் நடுவில் நின்று இவர்கள் எல்லோரையும் துரத்துகிறவர். தாமதத்துக்குக் காரணமும் பல நேரம் சாதாரணமானதுதான். இன்டர்வியூ எடுத்தவர் தன் கருத்தை இன்னும் எழுதித் தந்திருக்க மாட்டார். மேலதிகாரி வெளியூரில் இருப்பார். இல்லாவிட்டால், இன்னொருவரையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே என்று மேனேஜர் இழுத்துக்கொண்டிருப்பார். 'சார், கொஞ்சம் சீக்கிரம்' என்று எச்.ஆர் நச்சரித்து அலுத்திருப்பார். அவர் கையில் ஒரு தேதி கிடைத்தால், அதைக் காட்டி நச்சரிப்பதற்கு நியாயம் கிடைத்துவிடும்.

அதனால் இந்தக் கடிதம் எச்.ஆருக்கு எழுதுவது போலத் தெரிந்தாலும், அவர் ஒரு எழுத்தும் மாற்றாமல் மேனேஜருக்குத் தள்ளிவிடக்கூடியதாக இருக்க வேண்டும். அக்கா மகளின் கடிதத்தை அப்படித் தள்ளினால் மேனேஜர் கண்ணில் முதலில் படுவது பதினான்கு லட்சம். 'ஓஹோ, ரேட்டை ஏற்றப் பார்க்கிறாள்' என்பார். நம் ஊரில் இந்தச் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. இங்கே பல கம்பெனிகளில் நோட்டீஸ் பீரியட் அறுபது நாள், தொண்ணூறு நாள். ராஜினாமா கொடுத்துவிட்டு அந்த மூன்று மாதமும் ஒரு ஆஃபரைக் காட்டி அடுத்தது, அதைக் காட்டி அதற்கடுத்தது என்று ஏறிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். சேருகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, சேர வேண்டிய காலையில் போனை அணைத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். அடிபட்ட மேனேஜருக்கு 'இன்னொரு ஆஃபர்' என்ற சொல்லே கசக்கும். அந்தக் கசப்பை எடுக்கிற வரி ஒன்று கடிதத்தில் இருந்தாக வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. புதன் காலை அவளைச் சிறுசேரிக்குப் போன் போட்டு, திங்கள் வரை டயம் கேட்கச் சொன்னேன். ஆஃபருக்கு நன்றி சொல்லி, லெட்டரில் உள்ள விதிகளைப் படித்து வீட்டிலும் கலந்து பேச சனி, ஞாயிறு வேண்டும் என்று கேட்டாள். திங்கள் காலை 11 மணி வரை தந்தார்கள். இரண்டு மூன்று நாள் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்; இரண்டு வாரம் கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள். இதை முதலில் செய்வதற்குக் காரணம், கிண்டிக்குச் சொல்லும் தேதி கடைசித் தேதியாக இருக்க வேண்டும் என்பதுதான். வெள்ளி என்று சொல்லிவிட்டுப் பிறகு திங்கள் என்றால், முதல் தேதி சும்மா மிரட்டலுக்குச் சொன்னது என்றாகிவிடும்.

அப்புறம் கிண்டி எச்.ஆரைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு, பத்து நிமிஷத்தில் மெயில் அனுப்பினாள். அவள் அனுப்பியது ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

'மூன்றாவது ரவுண்டில் டீமின் வேலையைப் பற்றி விரிவாகப் பேச முடிந்தது. இந்த வேலைதான் என் முதல் விருப்பம். இதற்கிடையே வேறொரு இடத்திலிருந்து எழுத்தில் ஆஃபர் வந்திருக்கிறது. கூடுதல் அவகாசம் கேட்டு வாங்கியும் திங்கள் காலை 11 மணிக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் உங்கள் முடிவு தெரிய வாய்ப்பு உண்டா? முதல் ரவுண்டில் நாம் பேசிய சம்பளமே எனக்குச் சம்மதம். அதற்கு ஆஃபர் வந்தால் ஏற்றுக்கொள்வேன். மீதி ரவுண்டு இருந்தால் எந்த நேரமானாலும் வருகிறேன்.'

தொகை இல்லை, கம்பெனி பெயர் இல்லை, 'இல்லாவிட்டால்' என்ற சொல்லும் இல்லை. கசப்பை எடுக்கிற வரி, சம்பளத்தைப் பற்றியது. ஆனால் அது உண்மையாக இருந்தால்தான் எழுத வேண்டும். மனசுக்குள் இன்னும் இரண்டு லட்சம் கேட்கும் எண்ணம் இருந்தால் அந்த வரியை விட்டுவிடுவதே மரியாதை. அவசரமும் பேரமும் ஒரே கடிதத்தில் போனால் இரண்டுமே கெடும்.

எச்.ஆர் திருப்பிக் கேட்டார்: "அந்த ஆஃபர் லெட்டரை அனுப்ப முடியுமா மேடம்?" நம் ஊரில் இது வழக்கமான கேள்வி. வராத ஆஃபரை வந்ததாகச் சொன்னவர்கள் மாட்டுவது இங்கேதான். லெட்டரை வெளியில் காட்டக் கூடாது என்று அதிலேயே நிபந்தனை இருக்கலாம். முதலில் அதைப் பார்க்க வேண்டும். அவளுடையதில் இருந்தது. அதையே சொன்னாள். பதில் சொல்ல வேண்டிய தேதியையும் நேரத்தையும் மறுபடி உறுதிப்படுத்தினாள். அவர் வற்புறுத்தவில்லை.

பதிலில் கவனிக்க வேண்டியது, நாள் குறித்திருக்கிறார்களா என்பது. 'பிராசஸ் போய்க்கொண்டிருக்கிறது, சொல்கிறோம்' என்று வந்தால் நீங்கள் அவர்கள் பட்டியலில் முதல் ஆள் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போது எவ்வளவு பதமாக எழுதினாலும், சீக்கிரம் வரக்கூடியது 'இல்லை' மட்டுமே. முதல் ரவுண்டே முடியாதபோது எழுதினாலும் இதே கதிதான். உங்களைத் தெரியாதவர்களுக்கு உங்களை இழக்கும் பயம் எங்கிருந்து வரும்? டி.என்.பி.எஸ்.சி மாதிரித் தேர்வு வைத்து, தரவரிசைப்படி ஆள் எடுக்கும் இடங்களில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அவளுக்கு நாள் குறித்தே வந்தது. வியாழன் மதியம் 3 மணிக்கு மேலதிகாரியுடன் வீடியோவில் அரை மணி நேரம். வெள்ளி மாலை எச்.ஆர் கூப்பிட்டு, "செலக்ட் ஆயிட்டீங்க மேடம், லெட்டர் அப்ரூவலுக்குப் போயிருக்கு" என்றார். அக்கா வீட்டில் கேசரி கிண்டிவிட்டார்கள். நான்தான் சிறுசேரிக்கு இன்னும் ஒன்றும் சொல்லாதே என்று தடுத்தேன். வாயால் சொன்ன வேலை, அப்ரூவல் மேசையில் நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன். நானே சிலருக்குப் போன் செய்து வருத்தம் சொல்லவும் நேர்ந்திருக்கிறது.

திங்கள் காலை 9 மணிக்கு லெட்டர் வரவில்லை. எச்.ஆருக்கு ஒரே ஒரு மெசேஜ் போட்டாள்: '11 மணிக்கு நான் பதில் சொல்ல வேண்டும். லெட்டர் தாமதமானால் சம்பளமும் சேரும் தேதியும் குறித்து ஒரு மெயிலாவது வருமா?' 10.20-க்கு லெட்டரே வந்தது. தொகை, பதவி, சேரும் தேதி மூன்றையும் சரிபார்த்து, ஏற்றுக்கொண்டதாகப் பதில் அனுப்பினாள். 10.40-க்குச் சிறுசேரிக்குப் போன் செய்து, நன்றி சொல்லி, வரவில்லை என்றாள்.

அந்த எச்.ஆர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லையாம். ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: "அங்கே எவ்வளவு கொடுத்தாங்க மேடம்?"