விடியற்காலை 2.30 மணிக்கு வரும் பயம்

முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர் அவர். ஓய்வு பெற்ற நாலாவது மாதம், ஒரே மகள் வேலை கிடைத்து பெங்களூருக்குப் போனாள். அதிலிருந்து தினமும் விடியற்காலை 2.30-க்கு விழிப்பு, நெஞ்சு படபடப்பு. கை உடனே போனைத் தேடும். மகள் வாட்ஸ்அப்பில் கடைசியாக எப்போது இருந்தாள் என்று பார்ப்பார். 12.40 என்று காட்டினால் 'ஏன் இன்னும் தூங்கலை?' என்று கவலை. 9 மணி என்று காட்டினால் 'உடம்பு சரியில்லையோ?' என்று கவலை.

மாரடைப்போ என்று பயந்துபோன மனைவி, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இசிஜி, சர்க்கரை, தைராய்டு எல்லாம் சரியாக இருந்தன. இந்தச் சோதனைகளைத் தவிர்க்கக் கூடாது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும், தூக்கமும் கெடும்.

பிறகு டாக்டர், "உங்க ஒரு நாளை மணி வாரியா சொல்லுங்க" என்றார். மதியம் 1.30-லிருந்து 3.30 வரை தூக்கம். சும்மா இருப்பதால் நாலு காபி, அதில் கடைசி சாயங்காலம் 6 மணிக்கு. டிவி அலுத்துப்போய் 8.30-க்கே படுக்கை. கணக்குப் போட்டால் இரவு ஆறு மணி நேரம், மதியம் இரண்டு. எட்டு மணி நேரத் தூக்கம் முடிந்ததால்தான் விழிப்பு வருகிறது. இருட்டில் செய்ய வேலை இல்லாத அந்த நேரத்தைக் கவலை பிடித்துக்கொள்கிறது.

போனைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் மனசு ஆறுகிறதே, வில்லங்கமே அதில்தான். பார்த்தால்தான் நிம்மதி என்று மனசு பழகிவிடுகிறது. அடுத்த நாள் இன்னும் சீக்கிரமாகவே பார்க்கச் சொல்கிறது.

மதியத் தூக்கத்தை அரை மணி நேரமாகக் குறைத்தார். மதியத்துக்குப் பிறகு காபி இல்லை. இரவு 10.30-க்குப் படுக்கை, எப்படித் தூங்கினாலும் 5 மணிக்கு எழுந்துவிட வேண்டும். போன், மணி அடித்தால் கேட்கும்படி ஹாலில். மகளும் ஒத்துக்கொண்டாள்: "தினம் எட்டு மணிக்கு நானே கூப்பிடறேன்ப்பா. நடுவுல ஏதாவதுன்னா உங்களுக்குத்தானே முதல்ல சொல்வேன்?"

முதல் வாரம் படபடப்பு கூடத்தான் செய்தது. பார்க்கிற பழக்கத்தை நிறுத்தினால் அப்படித்தான் இருக்கும். பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தூக்க மாத்திரை ஒன்று கொடுத்தார். நல்லவேளை, இவர் போடவில்லை. வயதானவர்கள் அதைப் போட்டுக்கொண்டு ராத்திரி பாத்ரூம் போகும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவதுண்டு.

இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு பிடிக்காமல், எதிலும் நாட்டமில்லாமல் போனாலோ, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வந்தாலோ, பழக்கத்தை மாற்றினால் மட்டும் போதாது. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் டெலி மனஸ் எண் 14416. எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும்.

ஐந்தாவது வாரம் அவருக்கு 4.30 வரை தூக்கம் வந்தது. இப்போது காலையில் டெப்போ வாசல் டீக்கடைக்குப் போகிறார். முதல் டிரிப் வண்டி எத்தனை நிமிஷம் லேட் என்று, யாரும் கேட்காமலே, இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.