என்கொயரியைத் தேடிவர வைக்கும் லிங்க்ட்இன் பதிவுகள்

லிங்க்ட்இன் தளத்தில் 'எங்கள் சேவையை நாடுங்கள்' என்று எழுதுபவருக்கு அழைப்பு வருவது அரிது. ஒரு குறிப்பிட்ட தொழிற்சிக்கலைத் தீர்க்கும் வழியைத் தொடர்ந்து எழுதுபவரை, அந்தச் சிக்கலில் மாட்டியவர்களே தேடி வருகிறார்கள். இதற்கு முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்தத் துறையில் எந்த மூலையைப் பிடிப்பது என்பதுதான்.

கோவைப் பகுதியில் ஓர் ஆற்றல் தணிக்கையாளர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'மின்சாரத்தைச் சேமிப்பது எப்படி' என்று அவர் பொதுவாக எழுதினால் எல்லோரும் தலையாட்டுவார்கள், யாரும் அழைக்கமாட்டார்கள். 'நூற்பாலைகளில் கம்ப்ரசர் காற்றுக்கசிவு' என்று சுருக்கிக்கொண்டால் படிப்பவர்கள் குறைவார்கள். ஆனால், அந்தச் சிலர்தான் ஆட்டோகோனருக்குக் காற்று போதவில்லை என்று தினமும் புகார் கேட்கும் பராமரிப்பு மேலாளர்கள். பெயருக்குக் கீழே வரும் ஒருவரி அறிமுகத்திலும் இதையே சொல்ல வேண்டும். 'ஆற்றல் ஆலோசகர்' என்பதைவிட 'நூற்பாலைகளில் கம்ப்ரசர் மின்செலவைக் குறைப்பவர்' என்பது மேல். அவர் எங்கே கருத்து எழுதினாலும் பெயரோடு அந்த வரியும் தெரியும்.

பதிவில் முழுமையான ஒரு விஷயம் இருக்க வேண்டும். இவர் எழுதத்தக்க பதிவு ஒன்று: ஆலை ஓடாத நாளில், காற்றைப் பயன்படுத்தும் எந்த இயந்திரமும் இயங்காதபோது, கம்ப்ரசரை மட்டும் ஓடவிட வேண்டும். அது எத்தனை நிமிடம் லோடில், எத்தனை நிமிடம் அன்லோடில் ஓடுகிறது என்று ஸ்டாப்வாட்சில் குறித்துக்கொள்ள வேண்டும். சில சுற்றுகளின் சராசரி லோடு 2 நிமிடம், அன்லோடு 6 நிமிடம் என்றால், 8 நிமிடத்தில் 2 நிமிடம் கசிவை ஈடுகட்டவே போகிறது. அதாவது கம்ப்ரசரின் திறனில் 25 சதவீதம் கசிவு. லோடில் 37 கிலோவாட் இழுக்கும் கம்ப்ரசர் என்றால், இரவும் பகலும் ஓடும் ஆலையில் இது நாளொன்றுக்குச் சுமார் 222 யூனிட்.

படித்தவர் அடுத்த விடுமுறை நாளிலேயே இதைத் தாமே செய்து பார்க்கலாம். முழு முறையையும் சொல்லிவிட்டால் பிழைப்பு போய்விடும் என்று பலர் தயங்குகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. அளவு தெரிந்தபின்தான் மேலாளருக்கு அடுத்த கேள்வி பிறக்கிறது: நூற்றுக்கணக்கான இணைப்புகளில் கசிவு எங்கே, எதை முதலில் அடைப்பது? அந்த வேலைக்குத்தான் ஆள் வேண்டும்.

நீண்ட பதிவின் முதல் சில வரிகள் மட்டுமே திரையில் தெரியும். மற்றதைத் தட்டித்தான் விரிக்க வேண்டும். ஆகவே 'வணக்கம் நண்பர்களே' என்று அந்த இடத்தை வீணாக்காமல், 'ஆலை நின்ற பிறகும் உங்கள் கம்ப்ரசர் லோடு எடுக்கிறதா?' என்று தொடங்குவது நல்லது.

கருத்துப் பகுதியில் ஒருவர், 'விஎஃப்டி பொருத்திய கம்ப்ரசருக்கு இந்தக் கணக்கு பொருந்துமா?' என்று கேட்கலாம். பொருந்தாது, அது லோடு, அன்லோடு என்று மாறாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்வதால் வேறு முறையில் அளக்க வேண்டும். அங்கேயே சுருக்கமாகப் பதில் சொல்லி, அதையே அடுத்த பதிவாக விரித்து எழுதலாம். எழுத விஷயம் தீர்ந்துபோகாமல் இருப்பதற்கு இப்படி வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளே போதும். வாரம் ஒன்றிரண்டு பதிவு, விடாமல் சில மாதங்கள் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் வேகம்.

விருப்பக்குறிகள் குவிந்தும் என்கொயரி வரவில்லையென்றால், பதிவின் புள்ளிவிவரப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தவர்கள் என்ன பதவியில், எந்த ஊரில், எந்த நிறுவனத்தில் இருப்பவர்கள் என்பதை அது தொகுத்துக் காட்டும். அங்கே ஆலோசகர்களும் மாணவர்களுமே நிறைந்திருந்தால், பதிவு சக தொழில்காரர்களிடையே சுற்றுகிறது என்று பொருள். பெரும்பாலும் தொடர்புப் பட்டியலே இதற்குக் காரணம். ஆலைகளின் பராமரிப்பு, உற்பத்திப் பொறுப்பாளர்களுக்கு இணைப்பு அழைப்பு அனுப்பிப் பட்டியலை மாற்ற வேண்டும். இணைந்த கையோடு விலைப்பட்டியலை அனுப்பினால் அவர்கள் விலகிவிடுவார்கள்.

என்கொயரி தனிச்செய்தியாக வரும்போது, உடனே கட்டணத்தைச் சொல்லாமல் லோடு, அன்லோடு நேரத்தைக் கேட்பது பயன் தரும். அளந்து அனுப்புபவர் வேலையைச் செய்யும் எண்ணத்தில் இருக்கிறார். 5 சதவீதம் போன்ற சிறிய கசிவு என்றால், இப்போதைக்குத் தணிக்கை வேண்டாம் என்று சொல்லிவிடுவதே நேர்மை.

இந்த வழி எல்லோருக்கும் உதவாது. வாங்குபவர் லிங்க்ட்இன்னில் இருக்க வேண்டும். பத்து விசைத்தறி வைத்திருப்பவரை அங்கே தேடுவதைவிடச் சங்கக் கூட்டத்தில் சந்திப்பது எளிது. வழக்கறிஞர்களும் பட்டயக் கணக்காளர்களும் விளம்பரம் செய்து வாடிக்கையாளர் பிடிப்பதை இந்தியாவில் அவர்களது தொழில்நெறி விதிகள் கட்டுப்படுத்துகின்றன. அவர்கள் சட்ட விளக்கம் எழுதும்போதும், வேலை கேட்கும் வரி அதில் நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.